சராசரியா, இடைநிலையா: ஒன்று முதல் ஐந்து வரை

"இந்தப் பயிற்சி எனக்குப் பயன்பட்டது." இதற்குக் கீழே ஐந்து கட்டங்கள்: கொஞ்சமும் ஏற்கவில்லை என்றால் 1, முழுமையாக ஏற்கிறேன் என்றால் 5. பதில்கள் வந்து சேர்ந்ததும் அவற்றை ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். சராசரியைச் சொல்வதா, இடைநிலையைச் சொல்வதா?

இடைநிலைதான் சரி என்ற வாதத்துக்குப் பின்னால் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946இல் எழுதிய கட்டுரை நிற்கிறது. 4 என்பது 3ஐவிட மேல் என்பது மட்டுமே நமக்குத் தெரியும். 3க்கும் 4க்கும் உள்ள தூரமும் 4க்கும் 5க்கும் உள்ள தூரமும் ஒன்றுதானா என்பது தெரியாது. இப்படி வரிசை மட்டும் உள்ள எண்களைக் கூட்டி வகுப்பது முறையல்ல, வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுப்பதே பொருந்தும் என்பது அவர் வகுத்த விதி. நடைமுறையில் விதியை மீறினாலும் பல நேரம் பயன் கிடைக்கிறது என்று அவரே அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார்.

விதி சரிதான். ஆனால் ஐந்தே விடைகள் இருக்கும் இடத்தில் இடைநிலை என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். 100 பேரிடம் கேட்டதில் 1 முதல் 5 வரை முறையே 5, 10, 15, 60, 10 பேர் பதில் சொன்னார்கள். பயிற்சியை மாற்றி அமைத்துவிட்டு மறுபடி கேட்டால் 5, 10, 15, 25, 45 பேர். அதாவது 35 பேர் 'ஏற்கிறேன்' என்பதிலிருந்து 'முழுமையாக ஏற்கிறேன்' என்பதற்கு நகர்ந்திருக்கிறார்கள். இடைநிலை முன்பும் 4, பின்பும் 4. சராசரியோ 3.60இலிருந்து 3.95க்கு ஏறுகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 5, 15, 31, 34, 15 என்று பதில்கள் வந்தால் இடைநிலை 3. அதில் இரண்டே பேர் 3ஐ விட்டு 4க்குப் போனால் இடைநிலை சட்டென்று 4 ஆகிவிடும்! சராசரி 3.39இலிருந்து 3.41 ஆகும், அவ்வளவுதான். பெரிய மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் சின்ன மாற்றத்துக்குத் துள்ளிக் குதிக்கும் அளவை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

சம்பளக் கணக்கில் ஒரு கோடீஸ்வரர் நுழைந்தால் சராசரி எகிறிவிடும், அதனால் இடைநிலை நல்லது என்பார்கள். அந்த வாதம் இங்கே எடுபடாது. 100 பேரில் ஒருவர் 1லிருந்து 5க்கே தாவினாலும் சராசரி 0.04தான் மாறும்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சராசரியை எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. ஸ்டீவன்ஸ் எழுப்பிய சந்தேகம் உண்மையிலேயே கடிக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் குழுவில் 10 பேரும் 4 என்கிறார்கள், சராசரி 4. இரண்டாம் குழுவில் 4 பேர் 3, 6 பேர் 5, சராசரி 4.2. இரண்டாவது முந்துகிறது. ஆனால் மனிதர்கள் மனதில் 4க்கும் 5க்கும் இடையே பாதித் தூரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 இருந்த இடத்தில் 4.5 போட்டால் இரண்டாம் குழு 3.9க்கு இறங்கிவிடும், முதல் குழு ஜெயித்துவிடும். யாரும் பதிலை மாற்றவில்லை. தூரத்தைப் பற்றிய நம் ஊகம் மட்டுமே மாறியது.

இந்த ஆபத்து இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஒவ்வொரு குழுவிலும் 2க்கு மேல் எத்தனை சதவீதம், 3க்கு மேல், 4க்கு மேல், 5 எத்தனை என்று அந்தந்த எண்ணையும் சேர்த்து எண்ணுங்கள். நான்கு இடத்திலும் ஒரே குழு முன்னே, அல்லது சமமாக, இருந்தால் கட்டங்களுக்கு இடையே எந்தத் தூரத்தை வைத்தாலும் சராசரியின் தீர்ப்பு புரளாது. 35 பேர் நகர்ந்த கணக்கு அப்படிப்பட்டது: முதல் மூன்று இடத்திலும் சமம், 5இல் மட்டும் 10க்குப் பதில் 45. பத்துப் பேர் கணக்கிலோ '4ம் அதற்கு மேலும்' என்றால் முதல் குழு 10, இரண்டாவது 6. '5' என்றால் 0, 6. முந்துவது யார் என்பது நடுவில் மாறுகிறது. அங்கே சராசரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இடைநிலையும் உதவாது, அது 4, 5 என்று இரண்டாம் குழுவுக்கே வெற்றியைக் கொடுத்து, எல்லாரும் திருப்தியாக இருந்த முதல் குழுவை மறைத்துவிடும்.

இது ஒற்றைக் கேள்விக்கான பேச்சு. இந்த அளவுகோலை 1932இல் முன்வைத்த ரென்சிஸ் லிக்கர்ட், ஒரே விஷயத்தைப் பற்றிய பல வாக்கியங்களுக்கு வந்த பதில்களைக் கூட்டித்தான் மதிப்பெண் போட்டார். பத்து வாக்கியங்களைக் கூட்டினால் 10 முதல் 50 வரை 41 மதிப்புகள் கிடைக்கும். அங்கே இடைநிலைக்கும் இவ்வளவு துள்ளல் வராது, சராசரி மீதும் தயக்கம் குறையும்.

அப்புறம், 50 பேர் 1, 50 பேர் 5 என்று பிளந்து நிற்கும் பதில்கள். சராசரி 3. இடைநிலையும் 3, அதுவும் நடுவில் நிற்கும் 1ஐயும் 5ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துத்தான்! அந்த 3ஐ ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒற்றைக் கேள்வி என்றால் ஐந்து சதவீதங்களையும் பட்டைப் படமாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் சராசரியைக் குறிப்பதே என் வழக்கம்.