தவறே நடக்காமல் வந்த ஆபத்து

1920-களில் வந்த குளிர்சாதனப் பெட்டிகளுக்குள் சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள்தான் ஓடின. கசிந்தால் வீட்டிலிருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. அதற்கு மாற்றாக அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியின் குழு, குளோரோஃபுளோரோகார்பன் எனப்படும் சிஎஃப்சி வாயுவை உருவாக்கியது. 1930-இல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பற்றாது. இரண்டுமே உண்மைதான்.

அந்த நல்ல குணமே பிறகு வினையானது. எதோடும் எளிதில் வினைபுரியாத வாயு கீழ்க்காற்றில் சிதைவதில்லை, மழையோடு இறங்குவதும் இல்லை. சில ஆண்டுகளில் ஓசோன் படலம் வரை ஏறிவிடுகிறது. அங்கே வலுவான புற ஊதாக் கதிர் பட்டதும் மூலக்கூறு உடைந்து குளோரின் அணு வெளியே வருகிறது. அது ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறிக்கும். அதை இன்னோர் ஆக்சிஜன் அணுவிடம் விட்டுவிட்டு, அடுத்த ஓசோனைத் தாக்கப் போகும். ஒரே குளோரின் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடும்.

வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் இதைக் கணக்குப் போட்டு எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே ஜெர்மன் சமூகவியலாளர் உல்ரிச் பெக், நாம் வாழ்வது ‘இடர் சமூகம்’ என்று எழுதினார். புதிய ஆபத்துகள் தொழில்நுட்பம் தோற்பதால் மட்டும் வருவதில்லை, அதன் வெற்றியிலிருந்தே பிறக்கின்றன என்பது அவர் வாதம். ஓசோன் குறைவதைக் கண்ணால் பார்க்க முடியாது, கருவி வேண்டும். அதாவது, ஆபத்தை உண்டாக்கிய அறிவியலிடம்தான் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவும் போய் நிற்க வேண்டும். சரி, குற்றவாளி யார்? தயாரித்தவர், விற்றவர், வாங்கியவர், அனுமதித்த அரசு என எல்லோரும் விதிப்படியே நடந்தார்கள். பெக் இதை ‘ஒழுங்கமைக்கப்பட்ட பொறுப்பின்மை’ என்றார். அவருடைய சொற்களில் எனக்கு மிகக் கூர்மையாகப் படுவது இதுதான்.

1987 மான்ட்ரியல் உடன்படிக்கை சிஎஃப்சியைக் கட்டுப்படுத்தியது. ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. உலக நாடுகள் சேர்ந்து செய்த அருமையான காரியம் அது. ஆனால் மாற்றாக வந்த எச்எஃப்சி வாயுக்கள் ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்குகின்றன. அவற்றில் ஒன்றான எச்எஃப்சி-134ஏ, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பமூட்டும். அதனால் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் கூடி அவற்றையும் குறைக்க முடிவெடுத்தார்கள்.

இப்போது கார் ஏசிகளில் எச்எஃப்ஓ-1234ஒய்எஃப் என்ற வாயு நிரப்பப்படுகிறது. இது காற்றில் சில வாரங்களுக்குள் சிதைந்துவிடுவதால் வெப்பமூட்டுவது மிகக் குறைவு. ஆனால் சிதையும்போது டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாக மாறி மழையோடு இறங்குகிறது. அந்த அமிலம் நீரில் எளிதில் சிதையாது, வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்பிலும் நீங்காது. வேறு வழிகளிலும் அது சூழலுக்குள் வருவதால், ஓர் ஏரியில் சேர்ந்த அமிலத்தில் எவ்வளவு எந்த ஏசியிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.