ஹம்ஸா எங்கே உட்காரும்?

ஜார்ஜ் டவுனில் மாலைநேர அரபு வகுப்பு நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சொல்வதை எழுதும் இம்லா தேர்வில் 'கிராஅத்' என்ற சொல்லைப் பாதி வகுப்பு பிழையாக எழுதியது. எல்லாருக்கும் பூஜ்யம் போடலாமா?"

போடக்கூடாது. அந்தப் பிழைகள் ஒரே வகையானவை அல்ல.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். தொண்டையில் ஒலியை வெட்டி நிறுத்துவதைக் குறிக்கும் எழுத்தான ஹம்ஸா, சொல்லின் நடுவில் வரும்போது, தன் உயிரொலியையும் முந்தைய எழுத்தின் உயிரொலியையும் ஒப்பிட்டு, தான் ஏறி உட்காரும் எழுத்தை, அதாவது இருக்கையைத் தேர்கிறது. இகரம் மிக வலியது. அடுத்து உகரம், பிறகு அகரம். உயிரொலி இல்லாத சுகூன் கடைசி. இகரம் வென்றால் புள்ளியில்லாத யா, உகரம் வென்றால் வாவ், அகரம் வென்றால் அலிஃப். 'முஃமின்' என்பதில் முன்னே உகரம், ஹம்ஸாவில் சுகூன், ஆகவே வாவ். இதற்கு விதியே இல்லை, மனப்பாடம்தான் வழி என்பது வகுப்பறை மூடநம்பிக்கை.

கிராஅத்தில்தான் சுவை. ஹம்ஸாவுக்கு முன்னே நெடில் அலிஃப் இருக்கிறது. நெடில், சுகூனாகவே கணக்கிடப்படும். ஹம்ஸாவின் அகரம் வெல்கிறது. இருக்கை அலிஃபாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு அலிஃப்கள் அடுத்தடுத்து நிற்பதை எழுத்துமுறை தவிர்க்கிறது. எனவே ஹம்ஸா இருக்கையின்றித் தனியே வரியில் நிற்கிறது.

இப்போது விடைத்தாளைப் பாருங்கள். ஒரு பிள்ளை நெடில் அலிஃபை விட்டுவிட்டு, ஹம்ஸாவை அலிஃப்மேல் வைத்திருக்கிறாள். அவள் காதில் குறில் விழுந்திருக்கிறது; கேட்ட ஒலிக்கு விதியைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறாள். இது நெடில் பிழை மட்டுமே. ஹம்ஸாவுக்காக இன்னொரு மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். மற்றொருவன் நெடிலை எழுதி, அதை அடுத்து இன்னோர் அலிஃப்மேல் ஹம்ஸாவை வைக்கிறான். அவன் காது சரி, விதிவிலக்குதான் தெரியவில்லை. ஆகவே விடைத்தாளில் நெடிலுக்கு ஒரு பத்தி, இருக்கைக்கு ஒரு பத்தி வைத்துத் திருத்துங்கள். குறில் நெடிலோடு வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் பத்தியில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது என்பது என் கணிப்பு.

பயிற்சியை அமைக்கும்போது இரண்டையும் முதலில் பிரியுங்கள். 'கதப', 'காதப' போன்ற இணைகள் நெடிலை மட்டும் சோதிக்கும். 'முஃமின்' இருக்கையை மட்டும் சோதிக்கும். கலப்புச் சொற்கள் பிறகு வரட்டும். அவற்றுள் எனக்குப் பிடித்தது, 'அவருடைய மகன்கள்' என்ற பொருளில் வரும் மூன்று வடிவங்கள். எழுவாயாக வரும் 'அப்னாஉஹு' வாவையும், முன்னிடைச்சொல்லுக்குப் பின் வரும் 'அப்னாஇஹி' யாவையும் பெறும். செயப்படுபொருளான 'அப்னாஅஹு' கிராஅத்தைப் போலவே தனி ஹம்ஸாவோடு நிற்கும். வாக்கியத்துக்குள் வைத்துப் படியுங்கள். ஹம்ஸாமேல் உள்ள உயிரொலியை விழுங்கினால், பிள்ளை எதை வைத்து முடிவெடுப்பாள்? நெடிலை இயல்புக்கு மேல் இழுப்பதும் விடையைச் சொல்லிக்கொடுப்பதுதான்.

'ஷுஊன்' போன்ற சொற்களைத் தேர்வில் வைக்காதீர்கள். எகிப்தில் அதை யா இருக்கையோடு எழுதுவதும் வழக்கம். பிற இடங்களில் வாவ். வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.