துஆ புத்தகம் அச்சடிப்பவர்களுக்கு: இல்லாத எழுத்தை விட இருக்கும் எழுத்துதான் ஆபத்து

இந்த வருடம் என்னிடம் வந்த நான்காவது துஆ புத்தகம் இது. மறைந்த தந்தையார் பெயரில் இலவசமாகக் கொடுப்பதற்காக ஒரு தம்பி அச்சடிக்கிறார். முப்பத்திரண்டு பக்கம். மேலே அரபி, நடுவில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, கீழே பொருள். "நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகணும் ஹஜ்ரத், ஒரு தடவை கண் ஓட்டிக் கொடுங்க. ஃப, ஜ, ஸ, ஷ, ஹ எல்லாம் சரியா போட்டுட்டோம். தமிழ்ல இல்லாத எழுத்துன்னு எதுவும் விட்டுப்போகலை" என்றார்.

நான் கண் ஓட்டவில்லை. கூடவே வந்திருந்த அவருடைய உம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்து, "உம்மா, இந்த வரியை மட்டும் சத்தமா ஓதுங்க" என்றேன். அவருக்கு அரபி எழுத்து தெரியாது. அந்த துஆவையும் அவர் அதற்கு முன் மனப்பாடம் செய்ததில்லை. புத்தகத்தில் இப்படி இருந்தது:

யா முகல்லிபல் குலூப், ஸப்பித் கல்பீ அலா தீனிக்.

"உள்ளங்களைப் புரட்டுபவனே! என் உள்ளத்தை உன் மார்க்கத்தில் உறுதிப்படுத்துவாயாக" என்பது பொருள். நபி (ஸல்) அவர்கள் அதிகமாக ஓதிய துஆ என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் இருக்கிறது. அந்த உம்மா நிதானமாக, எழுத்து எழுத்தாக, தமிழ் படிக்கிற மாதிரியே படித்தார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அச்சில் இருந்ததைத்தான் படித்தார். ஆனால் ஏழு சொல்லில் 'யா'வைத் தவிர மற்ற எல்லாமே வேறு சொல்லாக வந்தது.

பெரிய காஃபும் ஐனும் தமிழில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த இடத்தில் எழுதுகிறவரும் கவனமாக இருக்கிறார், படிக்கிறவரும் சந்தேகப்பட்டு யாரையாவது கேட்கிறார். 'தமிழில்தான் இருக்கிறதே' என்று நினைத்துப் போடும் க, த, ப மூன்றையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. இருபது வருடமாக ப்ரூஃப் பார்க்கிறேன், நான் பார்த்த பிழைகளில் பெரும்பாதி இந்த மூன்றில்தான்.

தமிழில் இந்த எழுத்துக்களுக்கு ஓசை நிலையாக இல்லை. சொல்லில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். 'பால்' என்னும்போது ப ஒரு மாதிரி, 'கம்பு' என்னும்போது வேறு மாதிரி. 'தண்ணீர்' என்பதில் வரும் த-வும் 'பந்து' என்பதில் வரும் த-வும் ஒன்றல்ல. சொல்லின் தொடக்கத்திலும், இரட்டிக்கும்போதும் வல்லோசை. நடுவில் தனியாக வந்தாலும், மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தாலும் மெலிந்த ஓசை. நாம் இதை யோசித்துச் செய்வதில்லை, வாய் தானாகச் செய்கிறது. அரபியில் அப்படி இல்லை. தா என்றால் எங்கே வந்தாலும் தா, தால் என்றால் எங்கே வந்தாலும் தால்.

இப்போது அந்த உம்மா படித்ததைப் பாருங்கள். 'ஸப்பித்' என்பதை 'அப்பா', 'தப்பு' மாதிரி இரட்டிப்பு வல்லோசையாகப் படித்தார். அங்கே இருக்க வேண்டியது 'கம்பு'வில் வரும் ஓசை, அதுவும் ஷத்து வைத்து அழுத்தி. அந்த ஓசையை இரட்டித்து எழுத தமிழில் வழியே கிடையாது. இரட்டித்த உடனே வாய் 'அப்பா'வுக்குப் போய்விடும். ரப்பி, ரப்பனா என்று எத்தனை துஆ தொடங்குகிறது, எண்ணிப் பாருங்கள். 'குலூப்' கடைசியிலும் இதேதான். 'முகல்லிப்' என்பதில் க நடுவில் தனியாக வருகிறது, அதனால் 'அகம்', 'நகம்' என்பது போல மெலிந்துவிட்டது.

கடைசிச் சொல் 'தீனிக்'. த முதலில் வருகிறது, எனவே 'தண்ணீர்' த. அரபியில் தால் போட்டு தீன் என்றால் மார்க்கம். தா போட்டு தீன் என்றால் அத்திப்பழம். 'வத்தீனி வஸ்ஸைதூன்' என்ற சூரா நினைவிருக்கும். நம் தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'தீன்'தான். ஃபாத்திஹாவில் 'யவ்மித்தீன்' என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம். தொடக்கத்தில் இருந்தாலாவது பழக்கத்தில் சிலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 'த்த' என்று இரட்டித்துவிட்டால் 'அத்தை', 'முத்து' தவிர வேறு ஓசைக்கு இடமே இல்லை. தீர்ப்பு நாளின் அதிபதி என்று சொல்ல வேண்டிய இடம் அது. இதனால்தான் குர்ஆன் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதக்கூடாது என்று உலமாக்கள் பலர் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். நானும் ஃபாத்திஹாவுக்கும் சூராக்களுக்கும் தமிழ் உச்சரிப்புப் போட ஒத்துக்கொள்வதில்லை. மற்ற துஆக்களுக்கு மட்டும், அதுவும் அரபி கற்கும் வரைக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 'நீ' என்பதற்கான சொல்லை 'அந்த' என்று எழுதுகிறார்கள். 'அந்த வீடு' என்னும் ஓசைதான் வரும். தால் வரக்கூடாத இடத்தில் தால். 'அன்த' என்று ன் போட்டாலும் வாய் பாதி அங்கேதான் போகிறது. யூனுஸ் நபி (அலை) ஓதிய துஆவில் 'இல்லா அன்த', 'இன்னீ குன்து' என்று இரண்டு இடத்தில் இந்தச் சிக்கல் வருகிறது.

அப்புறம் எல்லோரும் அறிந்த பெரிய காஃப். அதைச் சின்ன காஃபாகச் சொன்னால் 'கல்பீ' என்பது 'என் உள்ளம்' என்பதிலிருந்து 'என் நாய்' என்றாகிவிடும். இதை எல்லா பயானிலும் சொல்கிறார்கள், நான் நீட்டவில்லை. ஐனுக்கு ஒரே ஒரு உதாரணம்: காலை மாலை துஆவின் முடிவில் வரும் 'அஸ்ஸமீஉல் அலீம்'. ஐனோடு அலீம் என்றால் நன்கறிந்தவன். ஹம்ஸாவோடு அலீம் என்றால் வேதனை தருவது. தமிழில் இரண்டும் 'அலீம்'. ளாதுக்கும் ளாவுக்கும் இந்தியப் புத்தகங்களில் பெரும்பாலும் ள, இலங்கைப் புத்தகங்களில் ழ. ரமளான், ரமழான் என்று இரண்டும் பார்த்திருப்பீர்கள். இரண்டுமே அந்த ஓசை இல்லை. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒரே புத்தகத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? இரண்டு எழுத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். அரபியில் 'பால்' என்னும் ப ஓசை கிடையவே கிடையாது. 'தங்கம்' என்னும் க ஓசையும் ஏட்டு அரபியில் இல்லை. ஆகவே முதல் பக்கத்தில் இப்படிப் போடுங்கள்: "ப எங்கே வந்தாலும், இரட்டித்தாலும், கம்பு என்பதில் வரும் ப. க எங்கே வந்தாலும் கல் என்பதில் வரும் க." ஸுப்ஹானக, தீனிக, இன்னக என்று முடியும் அத்தனை சொல்லும் இதில் சரியாகிவிடும். க மெலியாமல் இருக்கட்டும் என்று 'ஸுப்ஹானக்க' என்று எழுதுகிறார்கள் சிலர். அது இல்லாத ஷத்தைச் சேர்க்கும் வேலை. வேண்டாம்.

த-வுக்கு மட்டும் இந்த வழி உதவாது, ஏனென்றால் அரபியில் இரண்டு ஓசையும் இருக்கிறது. அதற்குக் குறி போட்டே ஆக வேண்டும். சமஸ்கிருத சுலோகப் புத்தகங்களில் க², க³ என்று மேலே சிறிய எண் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த முறையை நமக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொள்ளலாம். நான் போடுவது இது: த என்றால் தா, த² என்றால் தால். க² என்றால் பெரிய காஃப். ஸ² என்றால் நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில் வைத்துச் சொல்லும் எழுத்து. ஐனுக்கு முன்னால் ஒரு ஒற்றைக் குறி. அந்த துஆ இப்படி ஆகும்:

யா முக²ல்லிபல் கு²லூப், ஸ²ப்பித் க²ல்பீ ‘அலா தீ²னிக்.

எண்ணை கால், கொம்பு, விசிறி எல்லாம் சேர்ந்த பிறகு போடுங்கள். எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவில் போட்டால் திரையில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். அச்சிலும் அது அப்படியே வந்துவிடும். அடிக்கோடு, தடித்த எழுத்து, நிறம் இவற்றை நம்பாதீர்கள். ஒருவர் அந்த வரியை வாட்ஸப்பில் நகலெடுத்து அனுப்பினால் அவையெல்லாம் காணாமல் போகும். எண் எழுத்தோடேயே போகும்.

பொருள் பகுதியிலும் ஒரு வார்த்தை. முழு வாக்கியத்தை மட்டும் எழுதினால், தமிழில் வினை கடைசியில் வருவதால், 'தீனிக்' என்பதற்கு நேர்கீழே 'உறுதிப்படுத்துவாயாக' வந்து நிற்கிறது. அதுதான் அதன் பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் ஓத வருகிறவர்களில் பலர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அதனால் முதலில் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்: ஸப்பித், உறுதியாக்கு, கல்பீ, என் உள்ளம், அலா, மீது, தீனிக், உன் மார்க்கம். அதற்குக் கீழே முழு வாக்கியம்.

கடைசியாக ப்ரூஃப். அரபி தெரிந்தவரிடம் மட்டும் கொடுத்தால் பிழை சிக்காது. எனக்கே சிக்காது. மனப்பாடமாக இருக்கும் துஆவைக் கண் பார்க்கும் முன் வாய் சரியாகச் சொல்லிவிடும். அரபி எழுத்து தெரியாத, அந்த துஆவும் தெரியாத ஒருவரை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அரபி தெரிந்தவர் தாளைப் பார்க்காமல் காதால் கேட்டு, தவறும் இடங்களைக் குறித்துக்கொள்ளட்டும். ஒரு துஆவுக்கு ஐந்து நிமிடம் ஆகுமா? இதைச் செய்யாமல் ஆயிரம் பிரதி அடித்துவிட்டு, அப்புறம் வந்து "பிழை இருக்கா ஹஜ்ரத்" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? மய்யித்தின் பேரில் கொடுக்கும் புத்தகத்தைத் திரும்ப வாங்கவா முடியும்? ஓதுகிறவரின் எண்ணத்தை அல்லாஹ் அறிவான், அவர்கள் துஆவைப் பற்றி எனக்குப் பயமில்லை. அச்சடித்துக் கையில் கொடுக்கிறவர்களிடம்தான் கெஞ்சுகிறேன்.

அந்தத் தம்பி பிரஸ்ஸுக்கு ஒரு வாரம் தவணை சொன்னார். திருத்திய பக்கத்தோடு மறுபடி வந்தபோது உம்மாவே வாங்கிப் படித்தார். 'தீ²னிக்' வந்த இடத்தில் நின்று, முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "பந்து த-வா?" என்று கேட்டுவிட்டுச் சரியாகச் சொன்னார். 'ஸ²ப்பித்'தும் வந்துவிட்டது. 'க²ல்பீ' மட்டும் வரவில்லை. அடித்தொண்டையிலிருந்து வரும் ஓசையை எந்த எண்ணும் சொல்லித் தராது. அதை மக்தபில் படிக்கும் பேத்தியிடம் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.