ஒரு வீடு, மூன்று அடுப்பு: மாவட்ட அட்டவணையைப் படிக்கும் முன்

தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் நான் அடிக்கடி பார்க்கும் வீடு ஒன்று உண்டு. ஓடு வேய்ந்த பழைய வீடு. தெருவைப் பார்த்து ஒரே வாசல். உள்ளே அண்ணன் குடும்பத்தில் நான்கு பேர், தம்பி குடும்பத்தில் மூன்று பேர், தனித்தனிச் சமையல். பின்கட்டில் அவர்களுடைய அம்மா தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். வீட்டுக்கு ஒரே மின் இணைப்பு. குடிக்கும் தண்ணீர் தெருக்குழாயிலிருந்து வருகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டம் வீட்டுப் பட்டியல் தயாரிப்பு. அந்தப் படிவத்தில் இந்த வீடு எப்படி ஏறும்? தெருவிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தனி வாசல் இருந்தால் அது ஒரு கணக்கெடுப்பு வீடு. ஆகவே இங்கே வீடு ஒன்றுதான். ஆனால் ஒன்றாக வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தாம் ஒரு குடும்பம். ஆகவே குடும்பங்கள் மூன்று. மாவட்ட அட்டவணைகளைப் படிக்கும்போது நேரும் தவறுகளில் பாதி, இந்த ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை மறப்பதால் வருகிறது. மாவட்ட அறிக்கைகளுக்காக இந்த எண்களைத் தொகுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில் குடும்ப அளவு. இந்த வீட்டிலிருந்து நான்கு பேர் குடும்பம் ஒன்று, மூன்று பேர் குடும்பம் ஒன்று, ஒருவர் குடும்பம் ஒன்று என மூன்று பதிவுகள் அட்டவணைக்குப் போகின்றன. பின்கட்டு அம்மா 'தனியாக வாழும் முதியவர்' என்று எண்ணப்படுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு மகன்களும் இருப்பது எண்ணில் தெரியாது. அவரே மாதம் ஒருவர் என்று முறை வைத்து மகன்களிடம் சாப்பிட்டால், ஒருவர் குடும்பம் என்ற பதிவே இராது. யாராவது ஒரு மகனின் குடும்பத்தில் ஒரு தலை கூடிவிடும். ஒருவர் குடும்பங்களின் பங்கு ஒரு மாவட்டத்தில் உயர்ந்தால், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். அதுவும் காரணமாக இருக்கலாம், அடுப்பு பிரிந்ததும் காரணமாக இருக்கலாம். அட்டவணையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அட்டவணையில் குடும்ப அளவு 1, 2, 3, 4, 5 என்று தனித்தனியாகவும், அதன்பின் 6 முதல் 8 வரை, 9உம் அதற்கு மேலும் என்று தொகுத்தும் தரப்படுகிறது. 6 முதல் 8 வரை ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, கடைசி வகுப்பு திறந்து கிடப்பதால் இதிலிருந்து சராசரிக் குடும்ப அளவைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது. சராசரி வேண்டுமென்றால் மக்கள்தொகையைக் குடும்ப எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 2011இல் சுமார் 7.21 கோடி மக்கள், சுமார் 1.85 கோடிக் குடும்பங்கள். வகுத்தால் 3.9 வருகிறது. இதில் விடுதி, சிறை, முதியோர் இல்லம் போன்ற நிறுவனக் குடும்பங்களில் இருப்பவர்களும் அடங்குவர். விடுதிகள் நிறைந்த தாலுகாவில் இந்த எண் சற்று ஊதிக் காட்டும்.

வீட்டின் நிலைக்கு வருவோம். நல்ல நிலை, வசிக்கத்தக்க நிலை, சிதிலமடைந்த நிலை என்று மூன்றே வகை. பழுதுபார்க்கத் தேவையில்லாதது நல்ல நிலை. சிறு பழுது உள்ளது வசிக்கத்தக்கது. இடிந்துகொண்டிருப்பதும் பெரும் பழுது பார்க்க வேண்டியதும் சிதிலமடைந்தது. இதைப் பொறியாளர் யாரும் வந்து பார்த்து முடிவு செய்வதில்லை. வசிப்பவர் தம் வீட்டை எப்படி நினைக்கிறார் என்பதே பதிவாகிறது. கட்டுமானப் பொருளும் இதற்குள் வராது. கூரை, சுவர், தரை ஆகியவற்றுக்குத் தனிக் கேள்விகள் உண்டு. ஆகவே புதிதாக வேய்ந்த ஓலைக் குடிசை நல்ல நிலையாகவும், கூரையில் கம்பி தெரியும் தொகுப்பு வீடு சிதிலமடைந்ததாகவும் பதிவாகலாம். சிதில வீடுகளின் சதவீதத்தைக் குடிசைகளின் சதவீதமாக எடுத்துக்கொண்டு எழுதிய திட்ட அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன். அப்படி எழுதும்போது, உண்மையில் ஆபத்தில் இருக்கும் தொகுப்பு வீட்டுக்காரர்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள்.

நம் ஓட்டு வீடு சிதிலமடைந்தது என்று வைத்துக்கொள்வோம். வீடுகளை எண்ணும் அட்டவணையில் அது ஒன்றாக ஏறும். குடும்பங்களை எண்ணும் அட்டவணையில் மூன்றாக ஏறும். இரண்டு வகை அட்டவணையும் வெளியாகின்றன, இரண்டின் தலைப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எத்தனை வீடுகளைப் பழுதுபார்க்க வேண்டும் என்பதற்கு முதலாவதும், எத்தனை குடும்பங்களுக்கு மாற்று இடம் வேண்டும் என்பதற்கு இரண்டாவதும் தேவை. தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வரியைப் படிக்காமல் எந்த எண்ணையும் எடுக்காதீர்கள்.

மின்சாரத்தில் இதே வேறுபாடு வேறு விதமாக வருகிறது. கேள்வி மின் இணைப்பு உள்ளதா என்பதன்று. வெளிச்சத்துக்கு முதன்மை ஆதாரம் எது என்பதே கேள்வி. அம்மாவின் பின்கட்டில் அண்ணன் இணைப்பிலிருந்து இழுத்த ஒரு பல்பு எரிகிறது என்றால், அவருடைய குடும்பமும் மின்சாரக் குடும்பமே. மின்வாரியப் பேரேட்டில் இணைப்பு ஒன்று, கணக்கெடுப்பில் மின்சாரம் உள்ள குடும்பம் மூன்று. இரண்டு எண்களும் சரியே. ஒன்றைக் கொண்டு மற்றதைப் பொய் என்று காட்ட முயல்வதுதான் தவறு. தமிழ்நாட்டில் மின்சாரத்தை வெளிச்சமாகக் கொண்ட குடும்பங்கள் 2001இல் 78.2 சதவீதம், 2011இல் 93.4 சதவீதம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மின்சாரம் வந்தது, மின்விசிறி ஓடும் அழுத்தம் இருந்ததா என்பவை இதில் இல்லை.

குடிநீர்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. ஆண்டின் பெரும்பகுதி எந்த ஆதாரத்தைப் பயன்படுத்துகிறார்களோ அதுவே முதன்மை ஆதாரம். கோடையில் மூன்று மாதம் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் தெருவும் அட்டவணையில் குழாய்த் தெருவாகவே இருக்கும். 2011 பட்டியலில் பத்து வகை ஆதாரங்கள் இருந்தன. கேன் தண்ணீருக்கு அவற்றில் தனி இடம் இல்லை.

அந்த ஆண்டு குழாய்த் தண்ணீரைச் சுத்திகரிக்கப்பட்டது, சுத்திகரிக்கப்படாதது என்று இரண்டாகப் பிரித்தார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்றுத் தண்ணீரும் ஊராட்சி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்து ஒரே குழாயில் வரும் ஊர்கள் இங்கே ஏராளம். தெருக்குழாயில் குடம் பிடிக்கும் பெண்ணிடம் இது சுத்திகரித்ததா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதனால் அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒன்று முழுவதும் சுத்திகரிக்கப்பட்டதாகவும் மற்றது முழுவதும் சுத்திகரிக்கப்படாததாகவும் வந்தால், தண்ணீரைச் சந்தேகிக்கும் முன் அந்த எல்லைக்கோட்டில் கணக்கெடுப்பாளர் மாறினாரா என்று யோசிப்பது என் வழக்கம். இரண்டையும் கூட்டி 'குழாய்' என்று எடுத்துக்கொண்டால் எண் உறுதியாக நிற்கும். 2001உடன் ஒப்பிடுவதற்கும் கூட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் அப்போது குழாய் ஒரே வகையாக இருந்தது. மூடிய கிணறு, திறந்த கிணறு என்ற பிரிவும் அப்போது கிடையாது.

தூரத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. தண்ணீர் வளாகத்துக்குள்ளா, அருகிலா, தொலைவிலா என்று கேட்கிறார்கள். 'அருகில்' என்றால் கிராமத்தில் 500 மீட்டருக்குள், நகரத்தில் 100 மீட்டருக்குள். தெருக்குழாய் 300 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். கிராமமாக இருந்தபோது அது அருகில். அடுத்த கணக்கெடுப்பில் அந்த ஊரை நகரமாக வகைப்படுத்தினால் அதே குழாய் தொலைவில். இந்தியாவில் 2001க்கும் 2011க்கும் இடையில், நகராட்சியோ பேரூராட்சியோ ஆகாமல் கணக்கெடுப்பில் மட்டும் நகரமாக வகைப்படுத்தப்பட்ட ஊர்கள் 1,362இலிருந்து 3,894 ஆகப் பெருகின. ஆகவே மாவட்டத்தில் 'தொலைவில்' என்ற பங்கு கூடினால், தண்ணீர் விலகிப்போனதா, ஊர்தான் நகரமானதா என்று முதலில் பாருங்கள்.

இனி மாவட்டத்துக்குக் கூட்டும் வேலை. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. 2011 வெளியீடுகளில் தென்காசி என்று ஒரு மாவட்டமே இல்லை. அதற்கு ஓர் அட்டவணை வேண்டுமென்றால் பழைய திருநெல்வேலியின் தாலுகாக்களிலிருந்து கட்டியெழுப்ப வேண்டும். ஒருமுறை சரிபார்க்க என்னிடம் வந்த ஒரு வரைவில், தாலுகாக்களின் சதவீதங்களைக் கூட்டித் தாலுகாக்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். அது ஏன் தவறு என்பதைக் கற்பனை எண்களை வைத்தே காட்டிவிடலாம்.

ஒரு தாலுகாவில் 80,000 குடும்பங்கள், வளாகத்துக்குள் தண்ணீர் உள்ளவை 40 சதவீதம். இன்னொன்றில் 20,000 குடும்பங்கள், 15 சதவீதம். சதவீதங்களைச் சராசரி எடுத்தால் 27.5. உண்மையில் முதலாவதில் 32,000 குடும்பங்கள், இரண்டாவதில் 3,000. மொத்தம் ஒரு லட்சத்துக்கு 35,000, அதாவது 35 சதவீதம். வித்தியாசம் 7,500 குடும்பங்கள். ஒரு குழாய்த் திட்டத்தின் மதிப்பீட்டையே இது மாற்றிவிடும்.

சரியான முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. வீட்டு வசதிகளுக்கான சுருக்கக் கோப்பில் சதவீதங்கள் இருக்கும். குடும்ப எண்ணிக்கையை மக்கள்தொகைச் சுருக்கக் கோப்பிலிருந்து எடுத்துத்தான் அவற்றைப் பெருக்கிக் கூட்டுகிறோம். முதலாவது 2010 வீட்டுப் பட்டியலில் கிடைத்தது, நிறுவனக் குடும்பங்கள் இல்லாதது. இரண்டாவது 2011 பிப்ரவரியில் எண்ணியது, நிறுவனக் குடும்பங்களும் வீடற்ற குடும்பங்களும் சேர்ந்தது. ஆகவே கிடைப்பது நெருக்கமான மதிப்பீடுதான். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பழைய திருநெல்வேலியின் 11 தாலுகாக்களுக்கும் இதே முறையில் கணக்குப் போட்டு, வெளியான திருநெல்வேலி மாவட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு தசமத்துக்குள் பொருந்தினால் தென்காசிக்கும் அதே முறையை நம்பலாம். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் ஒரு தாலுகாவின் நகரப் பகுதி விடுபட்டிருக்கும், அல்லது இருமுறை சேர்ந்திருக்கும்.

கூடவே புதிய மாவட்ட எல்லை பழைய தாலுகா எல்லையோடு அப்படியே போகிறதா என்று அரசாணையில் பார்க்க வேண்டும். போகாத இடங்களில் கிராமக் குறியீட்டு எண் வரை இறங்கிக் கிராமம் கிராமமாகக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. 2027 கணக்கெடுப்பில் தென்காசிக்குத் தனிப் பத்தி வரும். அதை 2011உடன் ஒப்பிட இந்தக் கிராமக் கூட்டல் தேவைப்படும் என்பதால், எந்தக் கிராமம் எந்தத் தாலுகாவிலிருந்து வந்தது என்ற பட்டியலை அட்டவணையோடு சேர்த்தே கொடுக்கிறேன். குடும்பத்தை எண்ணியதா, வீட்டை எண்ணியதா என்பதையும் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் எழுதிவிடுகிறேன்.