குறைபார்வை மாணவருக்குப் பெரிய எழுத்துக் குறிப்பு: எழுத்தின் அளவோடு முடிந்துவிடாத வேலை

குறைபார்வை உள்ள மாணவர் வகுப்பில் இருப்பது தெரிந்தவுடன் பெரும்பாலான ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் முதல் காரியம், பாடக்குறிப்பை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து A4 தாளிலிருந்து A3 தாளுக்குப் பெரிதாக்கி வாங்குவதுதான். அந்தப் பெரிதாக்கம் 141 சதவீதம் மட்டுமே. 12 பாயின்ட்டில் இருந்த எழுத்து 17 பாயின்ட்டாகிறது. எழுத்தோடு சேர்ந்து நகலின் கறையும் மங்கலும் பெரிதாகின்றன. புத்தகத்தை முகத்துக்கு அருகில் பிடித்துப் படிக்கும் பிள்ளையோ, மேசையில் அடங்காத அந்த அகலத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் தலையை இடமிருந்து வலம் வரை நகர்த்த வேண்டியதாகிறது. ஆகவே பெரிய எழுத்துப் பிரதியைக் கணினியில் புதிதாகவே, A4 தாளில் அமைக்க வேண்டும். என் பணியில் வந்த ஒரு மாணவியின் இயற்பியல் குறிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவியான அவருக்கு ஸ்டார்கார்ட் நோய். விழித்திரையின் மையப் பகுதி பழுதுபட்டிருப்பதால் நேராகப் பார்க்கும் இடம் மங்கலாகவும், பக்கவாட்டுப் பார்வை நன்றாகவும் இருக்கும். கண்ணாடி அணிந்த பிறகும் தூரப் பார்வை 6/60. புத்தகத்தை ஏறத்தாழ 15 செ.மீ. தொலைவில் வைத்துப் படிப்பார். (அருகில் வைத்துப் படிப்பதால் கண் கெட்டுவிடும் என்று வீட்டில் அதட்டுவது இன்னும் நிற்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அது கண்ணைக் கெடுக்கும் பழக்கம் அல்ல. தொலைவைப் பாதியாக்கினால் விழித்திரையில் விழும் பிம்பம் இரட்டிப்பாகும் என்பதால் அவர்கள் தாமே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது.)

எழுத்தின் அளவை, "இது தெரிகிறதா?" என்று கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது. முயன்று பார்த்தால் தெரிகிற அளவுக்கும், ஒரு மணி நேரம் தொடர்ந்து படிக்க ஏற்ற அளவுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. எனவே, மாணவி முன்பு படித்திராத, கடினத்தில் ஒத்த சிறு பத்திகளை 14, 18, 24, 30, 36 பாயின்ட்டுகளில் தனித்தனியாக அச்சிட்டு, அவர் வழக்கமாக உட்காரும் வெளிச்சத்தில், வழக்கமான தொலைவில், வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நேரம் பார்க்க வேண்டும். இவர் 14 பாயின்ட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 சொற்களும், 18-இல் 40 சொற்களும், 24-இல் 55 சொற்களும் படித்தார். 30-இல் வேகம் அதற்கு மேல் கூடவில்லை. 36-இல் குறையவே செய்தது, ஏனெனில் ஒரு வரியில் மூன்று சொற்களே நின்றதால் வரி மாறுவதிலேயே நேரம் போயிற்று. வேகம் எந்த அளவில் உச்சத்தைத் தொட்டு அதன்பின் ஏறாமல் நிற்கிறதோ, அந்த அளவுதான் நமக்கு வேண்டியது. இவருக்கு அது 24 பாயின்ட்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு என்றாலும், அது எழுத்துருவின் முழு உடலைக் குறிக்கும் அளவே தவிர, நாம் காணும் எழுத்தின் உயரத்தை அல்ல. லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய எழுத்துருக்களில் ஒரே 24 பாயின்ட்டில் அச்சிட்டு 'ப'வின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் ஒன்றாக வரும் என்று நம்பிவிட முடியாது. எனவே மாணவரின் கோப்பில் பாயின்ட்டை மட்டும் எழுதாமல், எழுத்துருவின் பெயரையும் 'ப'வின் உயரத்தை மில்லிமீட்டரிலும் சேர்த்துக் குறித்து வைப்பது நல்லது.

அளவு முடிவான பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது. 24 பாயின்ட்டில், வேறெந்த மாற்றமும் செய்யாமல் மின்னோட்டவியல் குறிப்பின் ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்து, அவர் செய்யும் பிழைகளை வகை பிரித்துக் குறித்தேன். எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பதை அந்தப் பிழைகளே காட்டிவிடும். ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாகப் படித்தால் குறை எழுத்தின் தடிமனிலோ வடிவத்திலோ அளவிலோ இருக்கிறது. படித்த வரியையே மறுபடி படித்தாலோ, ஒரு வரியைத் தாண்டிப் போனாலோ, குறை வரி இடைவெளியில் இருக்கிறது. எழுத்துகள் சரியாகவே தெரிந்தும் நீண்ட சொல்லின் நடுவில் தடுமாறினால், எழுத்துகள் நெருங்கி ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பொருள். மையப் பார்வை இல்லாதவர்களுக்கு இந்த நெரிசல் மற்றவர்களைவிட மிகுதி.

இவரிடம் மூன்று வகையும் இருந்தன. முதல் வகையில், 'மின்கலம்' போன்ற சொல்லில் 'ன்' மேல் இருக்கும் புள்ளி தெரியவில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வேறுபடாமல் 'கொள்' 'கோள்' ஆயிற்று. இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் மாறின. பழகிய சொற்களை மாணவர்கள் இடம் பார்த்து ஊகித்துவிடுவதால் இத்தகைய பிழை கதையிலோ செய்யுள் உரையிலோ எளிதில் வெளிப்படாது. புதிய கலைச்சொற்கள் நிறைந்த அறிவியல் குறிப்பில்தான் அகப்படும். இதைக் கண்டவுடன் எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போடத் தோன்றும். தமிழுக்கு அது பல நேரங்களில் எதிர்விளைவைத் தரும், ஏனெனில் கோடு தடிக்கத் தடிக்க 'ண', 'ஞ', 'ழ' ஆகியவற்றின் உள்வெளி அடைபட்டுச் சுழிகள் ஒட்டிக்கொள்கின்றன. கோட்டின் தடிமன் எங்கும் ஒரே சீராக இருக்கும் எழுத்துருவில், சாதாரணத்துக்கும் தடித்ததற்கும் இடைப்பட்ட எடையே பொருத்தம். நோட்டோ சான்ஸ் தமிழில் 'Medium' என்ற எடை கிடைக்கிறது. அதற்கு மாற்றியதும் புள்ளியும் கருமையாகத் தெரிந்தது, சுழிகளும் திறந்தே இருந்தன. மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் அழகெழுத்துருக்களை இந்த வேலையில் தொடவே வேண்டாம்.

வரி இடைவெளியில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மேல்விலங்கும் புள்ளியும் வரிக்கு மேலே ஏறுகின்றன. 'கூ', 'னு', 'ழு' போன்றவற்றின் கீழ்க்கோடுகள் கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்து வேர்டில் 'Exactly' என்ற தேர்வில் ஓர் எண்ணை இட்டால், மேல்விலங்கின் தலை வெட்டுப்பட்டு, 'கி'யும் 'கீ'யும் பிரித்தறிய முடியாமல் போகக்கூடும். 'Multiple' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இயல்பான வரி உயரமே கூடுதலாக இருப்பதால், 1.2 அல்லது 1.3 போதுமானதாக இருக்கும். இந்த மாணவிக்கு 1.3 வைத்தோம். எண்ணைவிட நம்பகமான சோதனை அச்சிட்ட தாளில்தான் இருக்கிறது. ஒரு வரியின் கீழ்க்கோட்டுக்கும் அடுத்த வரியின் புள்ளிக்கும் நடுவே, 'ப'வின் உயரத்தில் பாதியாவது வெற்றிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் மிகவும் விரித்தாலும் கண் அடுத்த வரியைத் தேடி அலையும்.

எழுத்து இடைவெளியை 'Font' பெட்டியின் 'Advanced' பகுதியில் 'Expanded' என்று 1 பாயின்ட் கூட்டினோம். எழுத்துகள் விலகும்போது சொற்களுக்கிடையே உள்ள வெளி தனித்துத் தெரியாமல் போகும் என்பதால், ஒவ்வோர் இடைவெளியையும் இரண்டாக மாற்றிவிடுவது என் வழக்கம். இலக்கணத்துக்கு ஒவ்வாததுதான், ஆனால் படிப்பவருக்கு உதவுகிறது. சில மென்பொருள்களில் இந்த விரிவு கொம்பையும் துணைக்காலையும் எழுத்திலிருந்து பிரித்து நிறுத்திவிடும். அச்சில் அப்படித் தெரிந்தால் எழுத்து இடைவெளியைக் கைவிட்டுவிட்டு எழுத்துருவை மாற்ற வேண்டியதுதான். வரிகளை இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்தாமல் இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்த வேண்டும். வரிக்கு நான்கைந்து சொற்களே நிற்கும் பிரதியில், இருபுற ஒழுங்கு சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்களை உண்டாக்கும்.

கணினியில் இரண்டு இடங்களில் வேலை தடைப்படும். ஆசிரியர் தந்த கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சாகியிருந்தால், எழுத்துருவை மாற்றியவுடன் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்க வேண்டும். யூனிகோடாகவே இருந்தும், வேர்டின் பாணி அமைப்பில் அளவை மாற்றியபின் தமிழ் மட்டும் பழைய அளவிலேயே நின்றால், 'Font' பெட்டியில் 'Complex scripts' என்ற தனிப் பகுதியிலும் எழுத்துருவையும் அளவையும் கொடுக்க வேண்டும்.

மின்னோட்டவியலில் அதிகம் கவனிக்க வேண்டியவை வாய்பாடுகள். தொடர் இணைப்பின் தொகுபயன் மின்தடையை R₁ + R₂ + R₃ என்று எழுதும்போது, கீழே வரும் எண் மற்ற எழுத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. அதாவது 24 பாயின்ட் பிரதியிலும் அந்த எண் 16 பாயின்ட்டில்தான் அச்சாகிறது. மாணவி R₂-ஐயும் R₃-ஐயும் மாற்றிப் படித்ததற்குக் காரணம் அதுவே. அந்த எண்களை மட்டும் கையால் 24 பாயின்ட்டுக்கு ஏற்றிக் கீழே இறக்கி வைத்தோம். வாய்பாடு ஒவ்வொன்றும் தனி வரியில், + மற்றும் = குறிகளின் இருபுறமும் வெளி விட்டு நிற்க வேண்டும். மின்சுற்றுப் படத்தை உருப்பெருக்கி ஒட்டாமல், 2 பாயின்ட் கோடுகளால் புதிதாக வரைந்து, பெயர்களைப் படத்துக்கு வெளியே அதே 24 பாயின்ட்டில் எழுதினோம்.

இப்படி நீளமும் அகலமும் இரட்டிப்பாகும்போது இடம் நான்கு மடங்காகும். பத்துப் பக்கக் குறிப்பு நாற்பதை நெருங்கும். ஆகவே பாடத்துக்கொரு புத்தகமாக, விரித்தால் தட்டையாகக் கிடக்கும் சுருள் கம்பிக் கட்டில் போடுவது நல்லது. மூலக் குறிப்பின் பக்க எண்ணை ஓரத்தில் தவறாமல் இட வேண்டும். இல்லையேல், "ஐந்தாம் பக்கம் எடுங்கள்" என்று ஆசிரியர் சொல்லும்போது இவர் மட்டும் தேடிக்கொண்டிருப்பார். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியாத, பளபளப்பற்ற தாள் போதும்.

இந்த அமைப்பை வேறொரு மாணவருக்கு அப்படியே கொடுத்துவிடக் கூடாது. மாலைக்கண்ணோடு தொடங்கிப் பார்வைப் புலம் குழாய்போலக் குறுகும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் மையப் பார்வை கூர்மையாகவே இருக்கலாம். அவருக்கு 24 பாயின்ட் கொடுத்தால், ஒரே பார்வையில் அடங்கும் எழுத்துகள் குறைந்து வேகம் சரியும். அதே சோதனையில் அவருக்கு 14 பாயின்ட்டே உச்சமாக வரக்கூடும். எழுத்து விரிவும் அவருக்கு வேண்டாம்.

முடித்த கோப்பைக் கடையில் அச்சிடக் கொடுக்கும்போது கடைசித் தடங்கல் ஒன்று காத்திருக்கிறது. அச்சிடும் பெட்டியில் 'Fit' என்ற தேர்வு இருந்தால், பக்கம் ஓரங்களுக்குள் அடங்குவதற்காகச் சத்தமில்லாமல் சுருக்கப்படும். 'Actual size' என்று கேட்டு வாங்க வேண்டும். இதற்காகவே முதல் பக்கத்தின் அடியில் சரியாக 10 செ.மீ. நீளக் கோடு ஒன்றை வரைந்துவிடுகிறேன். முதல் தாள் வெளியே வந்ததும் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, கோடு குறைந்திருந்தால் மீதிப் பக்கங்களை நிறுத்திவிடலாம்.