ஈவுத்தொகை, தக்கவைத்த லாபம்: குடும்பக் கம்பெனியின் இரண்டு சொற்கள்

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிற்சாலை நடத்தும் குடும்பங்களில் ஆண்டுக் கணக்கு முடிந்ததும் பேச்சில் வரும் சொல் 'டிவிடெண்ட்'. அதோடு சேர்ந்தே வருவது 'ரிசர்வ்'. முன்னதற்குத் தமிழில் ஈவுத்தொகை என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. பின்னதற்கு இன்னும் ஒரே சொல் நிலைக்கவில்லை. தக்கவைத்த வருவாய், ஈட்டிய இருப்பு, நிறுத்திவைத்த லாபம் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். இவற்றில் சில தவறான எண்ணத்தைக் கொடுப்பவை. பணம் பிரிக்க உட்காரும்போது அந்த எண்ணத்தால்தான் சண்டை வருகிறது.

முதலில் டிவிடெண்ட். லத்தீனில் 'பிரிக்கப்பட வேண்டியது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலப் பள்ளிக் கணக்கில் வகுத்தலுக்கு எடுத்துக்கொள்ளும் முழு எண்ணுக்கும் இதே பெயர்தான். நாம் அதை வகுபடும் எண் என்கிறோம். நம் ஈவு அந்த முழு எண் அல்ல, வகுத்த பிறகு கிடைக்கும் விடை. ஈதல் என்ற வினையிலிருந்து பிறந்ததால் கொடை, பங்கு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. பங்குதாரர் கையில் வந்து சேர்வதைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பங்காதாயம் என்பதும் வழக்கில் உண்டு. ஆனால் பங்கை விற்று வரும் ஆதாயத்தோடு அது குழம்பிவிடும். ஈவுத்தொகை என்றே எழுதலாம்.

'தொகை' என்ற பின்னொட்டும் வீண் அல்ல. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610-இல் தன் பங்குதாரர்களுக்கு முதல் ஈவை ஜாதிபத்திரியாகக் கொடுத்தது. லாபம் இருந்தது, ஆனால் அது சரக்காகக் கிடங்கில் இருந்தது. இன்று இந்தியாவில் அப்படிச் செய்ய முடியாது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஈவு பணமாகத்தான் தரப்பட வேண்டும். லாபத்தை மூலதனமாக்கி போனஸ் பங்கு கொடுப்பது வேறு கணக்கு. லாபம் சரக்கிலோ பாக்கியிலோ எந்திரத்திலோ இருக்கலாம், ஈவு மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து பணமாக வெளியேற வேண்டும். குடும்பக் கம்பெனியின் தலைவலி எல்லாம் இந்த இடைவெளியில்தான்.

இனி இரண்டாவது சொல். பேச்சில் 'ரிசர்வ்' என்று சொல்வதற்கு ஆங்கிலக் கணக்கில் 'ரிட்டெய்ன்ட் எர்னிங்ஸ்' என்று பெயர். அதன் நேர்ப்பொருள் 'பிடித்துவைத்த ஈட்டம்'. இங்கே ஈட்டம் என்பது செலவும் வரியும் போக மிஞ்சிய லாபம். வருவாய் என்றால் நம் காதில் மொத்த விற்பனை வரவு என்று விழுகிறது. ஆகவே தக்கவைத்த வருவாய் என்பது பிழை. ஈட்டிய இருப்பு அதைவிட ஆபத்து, ஏனென்றால் இருப்பு என்றதும் பெட்டியில் பணம் இருக்கிறது என்று தோன்றிவிடும். 'ரிசர்வ்' என்ற சொல்லும் அதே எண்ணத்தைத்தான் தருகிறது. தக்கவைத்த லாபம் என்பதே சரி என்பது என் முடிவு. கம்பெனி தொடங்கிய நாள் முதல் சம்பாதித்து, ஈவாகப் பிரிக்காமல் கம்பெனியிலேயே விட்டுவைத்த லாபங்களின் கூட்டுத்தொகை அது. அந்த லாபம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டையில் வெட் ப்ளூ என்ற, குரோமில் பதனிட்ட ஈரத் தோலை வாங்கி, சாயமேற்றி, பினிஷ் செய்து, ஷூ கம்பெனிகளுக்கு விற்கும் பிரைவேட் லிமிடெட். அண்ணனுக்கு 40 சதவீதப் பங்கு, தம்பிக்கு 35, சென்னையில் குடியிருக்கும் தங்கைக்கு 25. அண்ணனும் தம்பியும் டைரக்டர்கள், சம்பளம் எடுக்கிறார்கள். தங்கைக்குச் சம்பளம் கிடையாது. பங்கு மூலதனம் 1 கோடி. இந்த ஆண்டு வரி போக லாபம் 2 கோடியே 40 லட்சம். பேலன்ஸ் ஷீட்டில் தக்கவைத்த லாபம் 10 கோடி என்று நிற்கிறது.

"அண்ணா, ரிசர்வ்ல பத்து கோடி இருக்குன்னு ஆடிட்டர் சொல்றாரு. எனக்கு இந்த வருஷம் ஒரு ரூபாகூட வரலியே?" என்று தங்கை கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பதில் பேலன்ஸ் ஷீட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. நிலம், கட்டடம், தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் முதலான எந்திரங்கள் 6 கோடி. தோலும் கெமிக்கலும் தயார்ச் சரக்குமாக நாலரைக் கோடி. ஷூ கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி 4 கோடி. வங்கியில் 90 லட்சம். ஆக மொத்தம் 15 கோடியே 40 லட்சம். இந்தப் பணம் வந்த வழி: மூலதனம் 1 கோடி, தக்கவைத்த லாபம் 10 கோடி, வங்கிக் கடன் 3 கோடி, சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது 1 கோடியே 40 லட்சம். பத்து கோடியும் டிரம்முக்குள்ளும் கிடங்குக்குள்ளும் பாக்கிக்காரர் கணக்கிலும் போய்விட்டது. பணமாக இருப்பது 90 லட்சம் மட்டும்.

ஆகவே எவ்வளவு பிரிக்கலாம் என்ற கேள்வியை லாபத்தில் தொடங்கினாலும் பணத்தில் முடிக்க வேண்டும். லாபம் 240 லட்சம். தேய்மானம் 50 லட்சம் கணக்கில் கழிக்கப்பட்டது, பணமாக வெளியே போகவில்லை; அதைத் திரும்பக் கூட்டினால் 290. வியாபாரம் பெருகியதால் பாக்கி 70 லட்சமும் சரக்கு 60 லட்சமும் கூடியிருக்கின்றன. சப்ளையர்களுக்குத் தர வேண்டியது 20 லட்சம் கூடியது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கையில் வந்தது 180. இதில் டெர்ம் லோன் எனும் தவணைக் கடனின் அசல் 60 லட்சம் கட்டியாயிற்று. பழைய எந்திரத்தை மாற்றவும் கழிவுநீர் வேலைக்கும் 45 லட்சம் போயிற்று. மிஞ்சியது 75 லட்சம். ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் இருந்த 15 லட்சத்தோடு சேர்ந்துதான் இந்த 90.

கழிவுநீர்ச் செலவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாமல் ஓட முடியாது என்றும் சொன்னது. இந்த வகைச் செலவு விற்பனையை ஒரு ரூபாய்கூடக் கூட்டாது, செய்யாவிட்டால் கதவு மூடும். பாலாற்றங்கரையில் தோல் தொழில் செய்பவர் ஈவு கணக்கிடும் முன்பே இதை ஒதுக்கிவிட வேண்டும்.

தங்கையும் தம்பியும் லாபத்தில் பாதியைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 120 லட்சம். வங்கியில் இருப்பது 90. ஒரு மாதக் கூலி, மின்கட்டணம், சுத்திகரிப்புக் கட்டணத்துக்கு 30 லட்சமாவது கையில் வேண்டும். அப்படியென்றால் 60 லட்சத்தை வங்கியின் கேஷ் கிரெடிட் என்ற சி.சி. கடன் கணக்கிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க முடியும். 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 6 லட்சம் போகும். இந்த நிலைமையை ஒரு கம்பெனியின் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம்: ஈவு கொடுத்த மாதத்தில் சி.சி. பயன்பாடு திடீரென்று ஏறி, அடுத்த மாதங்களில் கெமிக்கல் சப்ளையர் பாக்கி தள்ளிப்போகும். அங்கே ஈவாகப் போனது கடன் பணம். பல வங்கிகள் கடன் அனுமதிக் கடிதத்திலேயே தவணை பாக்கி இருந்தால் ஈவு தரக்கூடாது என்று எழுதியிருக்கும்; முதலில் அதை எடுத்துப் படிக்க வேண்டும்.

நான் இந்தக் கம்பெனியில் சொல்லக்கூடியது 60 லட்சம். லாபத்தில் கால் பங்கு. இந்தப் பங்குக்குப் பெயர் ஈவு விகிதம். கம்பெனிக்காரர்கள் பேச்சில் '60 சதவீத டிவிடெண்ட்' என்றும் சொல்வார்கள், அது மூலதனமான 1 கோடியின் மீது கணக்கிட்டது. ஒரே தொகை 25 என்றும் 60 என்றும் பேசப்படுவதால், எதன் மீது சதவீதம் என்று கேட்டுவிடுவது நல்லது.

தங்கைக்கு 15 லட்சம் வரும். 10 சதவீத டிடிஎஸ் பிடித்து 13.5 லட்சம் கையில் கிடைக்கும். 2020 ஏப்ரல் முதல் ஈவு வாங்குபவர்தான் தன் வருமான வரி அடுக்குப்படி வரி கட்ட வேண்டும். கம்பெனி அதற்கென்று தனி வரி கட்டும் முறை அப்போது நீங்கியது. கம்பெனி ஏற்கெனவே லாபத்தின் மீது சுமார் 25 சதவீதம் கட்டிவிட்டது. வாங்குபவர் 30 சதவீத அடுக்கில் இருந்தால், கம்பெனி சம்பாதித்த 100 ரூபாயில் அவர் கையில் நிற்பது ஏறத்தாழ 51 ரூபாய். இதைச் சொல்லித்தான் "வேண்டாம், கம்பெனியிலேயே இருக்கட்டும்" என்று அண்ணன்கள் வாதிடுவார்கள். வாதம் சரிதானா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் லாபம் 160 லட்சமாக இருந்தது, அதன் பிறகு மொத்தம் 5 கோடியைத் தக்கவைத்தார்கள் என்று கொள்வோம். இப்போது லாபம் 240. அதாவது விட்டுவைத்த 5 கோடி ஆண்டுக்கு 80 லட்சம் கூடுதல் லாபம் தருகிறது, 16 சதவீதம். தங்கை அந்தப் பணத்தை வெளியே போட்டு இதைப் பெறுவது கடினம். ஆகவே தக்கவைத்தது நியாயம். லாபம் 160-இலிருந்து 175-க்குத்தான் ஏறியிருந்தால் 3 சதவீதம். அப்போது அந்தப் பணம் கம்பெனியில் தூங்குகிறது, பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தோல் விலையும் டாலர் விலையும் ஒரே ஆண்டில் லாபத்தை இரட்டிப்பாக்கவும் பாதியாக்கவும் செய்யும். அதனால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனி ஆண்டு எடுக்காமல், இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுக்க வேண்டும்.

நடைமுறை சுருக்கமாக. ஈவு எவ்வளவு என்று டைரக்டர் போர்டு பரிந்துரைக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டம் அறிவிக்கும். வழக்கமான கம்பெனி விதிகளின்படி பொதுக்கூட்டம் அந்தத் தொகையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. போர்டில் இல்லாத தங்கைக்கு இதுதான் பெரிய தடை; பிரைவேட் கம்பெனி என்பதால் பங்கை வெளியாளிடம் சுலபமாக விற்கவும் முடியாது. ஆகவே ஈவு விகிதத்தைக் குடும்ப ஒப்பந்தமாக முன்கூட்டியே எழுதிவைப்பது அவருக்குக் காப்பு. அறிவித்த 5 நாளுக்குள் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் கம்பெனி 18 சதவீத வட்டி தர வேண்டும்.

கடைசியாக, சட்டமே ஈவு என்று பெயர் சூட்டும் ஒன்று. ஈவு வரி அதிகம் என்று நினைத்துத் தம்பி வேலூரில் வீடு கட்ட கம்பெனியிலிருந்து 20 லட்சம் 'கைமாத்தாக' எடுக்கிறார் என்று கொள்வோம். 10 சதவீதத்துக்குக் குறையாமல் வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு இப்படிப்பட்ட கம்பெனி கொடுக்கும் கடன், தக்கவைத்த லாபத்தின் அளவு வரைக்கும், வருமான வரிச் சட்டத்தில் ஈவாகவே கருதப்படும். நம்மிடம் அந்த லாபம் 10 கோடி இருப்பதால் 20 லட்சம் முழுதும் தம்பியின் வருமானத்தில் சேரும். அடுத்த மாதமே திருப்பிக் கட்டினாலும் அந்த வரி நீங்காது. அண்ணனுக்கும் தங்கைக்கும் அதே விகிதத்தில் ஒன்றும் வராது என்பது இன்னொரு கணக்கு. கருதப்படும் ஈவு என்று இதைத் தமிழில் எழுதலாம்.