300 வீடு, 600 சோடி, செய்தி போகாத 5 வீடு

கணினி வலையமைப்பு போட்டுப் பராமரிப்பது என் வேலை. பெஸ்தாரி ஜெயாவில் (நம்மவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு தாமான் குடியிருப்பாளர் சங்கம் வெள்ள எச்சரிக்கைக்குத் தொலைபேசிச் சங்கிலி அமைக்க உதவி கேட்டது. சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே அதிகம். புலனக் குழு இருக்கிறது, ஆனால் பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அது எட்டாது. அதனால் சங்கம் கோயில் மண்டபத்தில் குலுக்கல் போட்டது. ஒரு பெட்டியில் எல்லா வீட்டு எண்களையும் போட்டு, ஒவ்வொரு தடவையும் இரண்டை எடுக்க வேண்டும். அந்த இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று நம்பரைப் பதிந்துகொள்ளும். பிறகு எண்களைப் பெட்டியில் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த சோடி. எச்சரிக்கை வந்தால், கேட்டவர் தன் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் அழைத்துச் சொல்ல வேண்டும்.

300 வீடு, 600 சோடி. "தம்பி, ஆளுக்குச் சராசரியா நாலு நம்பர் வருதே, அப்புறம் என்ன?" என்றார் சங்கத் தலைவர். "நாலு வருது அண்ணே, ஆனா அஞ்சாறு வீட்டுக்கு ஒண்ணுகூட வராது" என்றேன். பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

இந்தக் கணக்கை 1959-இல் பால் எர்டோஷ், ஆல்ஃபிரெட் ரெனி என்ற இரு ஹங்கேரியக் கணிதர்கள் போட்டுவைத்தார்கள். n முனைகள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே கண்ணை மூடிக்கொண்டு கோடுகளைப் போடுகிறோம். நமக்கு முனை என்பது வீடு, கோடு என்பது சோடி. எத்தனை கோட்டில் எல்லாம் ஒரே வலையாக இணையும்? அவர்கள் கண்ட எல்லை `(n/2) × ln n`, இதில் `ln` என்பது இயல் மடக்கை. நம் 300 வீட்டுக்கு `ln 300` ஏறத்தாழ 5.7, ஆக 150 × 5.7, சுமார் 855 கோடு.

இடையில் நடப்பதுதான் ஆளை ஏமாற்றும். 150 சோடியைத் தாண்டியதும் சிதறிக் கிடந்த சின்னக் கூட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பெரிய கூட்டம் கிளம்பும். 300 சோடியில் சுமார் 240 வீடு அதற்குள் வந்துவிடும், 450 சோடியில் 280-ஐத் தாண்டும். அந்தக் கட்டத்தில் ஒத்திகை பார்த்தால் "எல்லாருக்கும் போயிடுச்சு" என்றுதான் தோன்றும், ஏனென்றால் செய்தி போகாதவர் தனக்குப் போகவில்லை என்று வந்து சொல்லப்போவதில்லை. மீதி இருபது வீட்டைச் சேர்ப்பதற்கு, அதுவரை போட்ட அளவுக்கு மேல் இன்னும் சோடிகள் வேண்டும்.

ஏன் என்று பார்க்க ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சோடியில் அதன் எண் வர 300-ல் 2 வாய்ப்பு. m சோடி எடுத்தும் ஒரு தடவைகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ `e^(-2m/300)`, இதில் `e` என்பது ஏறத்தாழ 2.7. அதை 300 ஆல் பெருக்கினால், நம்பரே இல்லாமல் நிற்கும் வீடுகளின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும். 300 சோடியில் 40 வீடு, 450-இல் 15, 600-இல் 5 அல்லது 6, 750-இல் 2. கூடுதலாகப் போடும் ஒவ்வொரு 150 சோடிக்கும் மீதி 2.7 ஆல் வகுபடுகிறது, அவ்வளவுதான். புதுச் சோடிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இணைந்த வீடுகளுக்குள்ளேயே விழுந்து வீணாவதால்தான் இந்த மந்தம். 300-ஐ இப்படி வகுத்து வகுத்து ஒன்றுக்குக் கொண்டுவர 5.7 தடவை வேண்டும், அந்த மடக்கை எண் வருவதும் இதனால்தான்.

"நம்பரே இல்லாத வீட்டை மட்டும் எண்ணினால் போதுமா, இரண்டு வீடு தங்களுக்குள் மட்டும் இணைந்து தனித்து நின்றால்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்கு அந்த இரண்டு வீட்டையும் மற்ற எல்லாச் சோடிகளும் தவிர்க்க வேண்டும். 900 சோடியில் அப்படி நடக்க சுமார் 200-ல் 1 வாய்ப்புதான். அதே 900-இல் ஒரு வீடாவது தனியாக நிற்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். கடைசித் தனி வீடு சேரும் அந்தக் கணத்திலேயே மொத்த வலையும் ஒன்றாகிவிடுகிறது என்பது, முனைகள் கூடக்கூட, கிட்டத்தட்ட உறுதி. ஆகவே பட்டியலில் முதலில் தேட வேண்டியது பூச்சியங்களைத்தான். சராசரி அவற்றைக் காட்டாது.

இப்போது அந்த எல்லையைப் பற்றி. 855 என்பது சுவர் அல்ல. அந்த இடத்தில் முழுசாக இணையும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். 550-இல் நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடலாம், 1,300-இல் 20-க்கு 19 தடவை நடக்கும். அதாவது 300 வீட்டுக்கு, "நடக்காது" என்பதிலிருந்து "நடந்துவிடும்" என்பதற்குப் போக சோடிகள் 2.4 மடங்கு ஆக வேண்டும். பத்து லட்சம் முனைகள் உள்ள வலையில் அதே மாற்றம் 59 லட்சம் கோட்டுக்கும் 84 லட்சம் கோட்டுக்கும் நடுவே, 1.4 மடங்குக்குள் முடிந்துவிடும். பாடப் புத்தகம் பேசும் கூர்மையான திருப்பம் பெரிய வலைகளுக்கு உரியது. ஒரு தாமான் அளவு வலைக்கு எல்லை மழுங்கியே இருக்கும், அதனால் 855-ஐப் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது.

சங்கத்தாரிடம் நான் சொன்ன மாற்று, இன்னும் சோடி எடுப்பது அல்ல, எடுக்கும் முறையை மாற்றுவது. ஒவ்வொரு வீட்டையும் பெட்டியிலிருந்து இரண்டு எண் எடுத்து, முன்போலவே ஒன்றுக்கொன்று நம்பரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். மொத்தம் அதே 600 கோடுதான், ஆனால் எந்த வீடும் பூச்சியத்தில் நிற்க முடியாது. இந்த முறையில் 300 வீடும் ஒரே வலையாக இணையாமல் போகும் வாய்ப்பு கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சின்னது. ஒரே ஒரு எண் எடுத்தால் போதாது, ஊர் பெரும்பாலும் இரண்டு மூன்று தீவாக உடைந்துவிடும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது.

ஆனால் நடுராத்திரி அழைப்பை எல்லாரும் எடுப்பார்களா? 10-க்கு 3 அழைப்பு போய்ச் சேராது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு இரண்டு எடுத்த பட்டியலில் அப்போது சராசரியாக 6 அல்லது 7 வீடு விடுபடும். மூன்று எடுத்திருந்தால் ஒரு வீடு, நான்கு எடுத்திருந்தால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மூன்று என்றால் மொத்தம் 900 கோடு. அதே 900-ஐப் பழைய குலுக்கல் முறையில் போட்டிருந்தால் 4 அல்லது 5 வீடு விடுபட்டிருக்கும். நான் மூன்றுதான் சொன்னேன். நான்கு எடுத்தால் ஒருவர் சராசரியாக எட்டு பேருக்கு அழைக்க வேண்டி வரும், அதைப் பெரியவர்கள் செய்ய மாட்டார்கள்.

மேலே சொன்ன எந்த எண்ணும் பெட்டி ஒன்றாக இருந்தால்தான் செல்லும். "தெரியாதவங்க நம்பர் எதுக்கு" என்று அவரவர் வரிசைக்குத் தனிப் பெட்டி வைத்தால், ஆளுக்குப் பத்து நம்பர் இருந்தாலும் வரிசைகள் தனித்தனி வலையாகவே கிடக்கும். இதைச் சரிபார்க்கப் பென்சில் போதும். ஒரு வீட்டில் ஆரம்பித்து, அதன் பட்டியலில் உள்ள வீடுகளை அடையாளமிட்டு, அவற்றின் பட்டியலுக்குப் போய் மறுபடி அடையாளமிட்டு, புது வீடு எதுவும் வராமல் போகும்வரை தொடருங்கள். அடையாளம் விழாத வீடுகள் தெருவின் ஒரே பக்கத்தில் சேர்ந்து கிடந்தால் பெட்டி பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து ஒருவரையும் இந்தப் பக்கம் ஒருவரையும் நம்பர் மாற்றிக்கொள்ளச் சொன்னால் அன்றைக்குப் பட்டியல் இணைந்துவிடும். ஆனால் பாலம் ஒன்றே ஒன்று என்பதால், அந்த ஒரு கைப்பேசி அணைந்திருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் விடுபடும். நான்கைந்து பாலமாவது போடுங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு வீட்டில்.